ஓர் ஆளுக்கு மூன்று பெயர், இரண்டு ஆளுக்கு ஒரே உறவு

கேள்வி: கர்நாடகப் போர்களைப் பற்றிய பழைய ஆங்கில நூல் ஒன்றைத் தமிழில் மொழிபெயர்த்து வருகிறேன். நூலாசிரியர் தன் நடையில் ‘சஃப்தர் அலி’ என்கிறார். அவர் எடுத்துக்காட்டும் ராபர்ட் ஓர்மின் பத்திகளில் அதே பெயர் ‘சப்டர் ஆலி’ என்று வருகிறது. பிரெஞ்சுக் கடிதங்களில் இன்னொரு மாதிரி. போதாக்குறைக்கு எல்லாரும் எல்லாருக்கும் ‘பிரதர் இன் லா’ அல்லது ‘நெஃப்யூ’. நூறு பக்கம் முடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஒரே ஆளுக்கு நாலு விதமாக எழுதியிருக்கிறேன். மைத்துனர், மச்சான், மருமகன் என்று கைக்கு வந்ததைப் போட்டிருக்கிறேன். எங்கிருந்து சரி செய்ய ஆரம்பிப்பது?
— வாசகர், கும்பகோணம்

வணக்கம். முதலில் ஒரு வேண்டுகோள். கணினியில் ‘கண்டுபிடித்து மாற்று’ வசதியை இப்போதைக்குத் தொடாதீர்கள். யார் யார் என்று முடிவு செய்வதற்கு முன்னால் எழுத்தைச் சீராக்கினால், இரண்டு ஆட்கள் ஒருவராகிவிடுவார்கள், அல்லது ஒருவர் இரண்டாகப் பிரிந்துவிடுவார். அதற்கப்புறம் அந்தத் தவறு கண்ணுக்கே தெரியாது, ஏனென்றால் பக்கமெல்லாம் ஒழுங்காகத் தெரியும்.

உங்கள் நூலிலேயே நிச்சயம் வரும் ஒரு பெயரைச் சொல்கிறேன். 1751இல் ஆர்க்காட்டுக் கோட்டைக்குள் கிளைவ் இருக்க, வெளியே முற்றுகை போட்டவர் சந்தா சாகிப்பின் மகன் ரசா சாகிப். ஓர்ம் அந்தப் பெயரை ஆங்கில ‘ஜே’ எழுத்துப் போட்டு எழுதுகிறார். அதை அப்படியே படித்தால் ‘ராஜா சாகிப்’ என்றுதான் வாயில் வரும். ஓர்மின் பத்தி முடிந்து நூலாசிரியரின் நடை தொடங்கியதும் அவர் ‘ரசா’ ஆகிவிடுவார். இதே அத்தியாயங்களில் தஞ்சாவூர் ராஜாவும் வருகிறார். ‘ராஜாவின் படை’ என்று ஒரு வாக்கியம் வந்தால், அது தஞ்சாவூர்ப் படையா, சந்தா சாகிப் மகனின் படையா? எதிரெதிர் அணிகளில் இருந்த இரண்டு பேர் ஒரு சொல்லுக்குள் புகுந்துவிடுகிறார்கள்.

நான் மெய்ப்புப் பார்க்கத் தொடங்கிய காலத்தில் இதே தவறைச் செய்தேன். நூலின் கடைசியில் இருந்த பெயர் அகராதியில் ‘ரசா சாகிப்’ ஒரு வரி, ‘ராஜா சாகிப்’ ஒரு வரி, இரண்டுக்கும் தனித்தனிப் பக்க எண்கள். இரண்டு வரிகளையும் நானேதான் சரிபார்த்தேன். பக்க எண்கள் சரியாக இருந்தன, ஆகவே திருப்தியாக இருந்துவிட்டேன். அச்சாகி வந்த பிறகு ஒரு வாசகர் எழுதினார்: ‘இந்த ராஜா சாகிப் யார், அவருடைய அப்பா யார் என்று எங்குமே சொல்லவில்லையே?’ அந்தக் கேள்வியை இன்றுவரை மறக்கவில்லை. ‘அப்பா யார்’ என்று கேட்டிருந்தால் எனக்கும் அன்றே விடை கிடைத்திருக்கும்.

ஆகவே, எழுத்துக்கூட்டைச் சாட்சியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்தக் காலத்து ஆங்கிலேயர்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். பிரெஞ்சுக்காரர்கள் தங்கள் காதில் விழுந்ததை எழுதினார்கள். ஆள் யார் என்பதற்கு மூன்று சாட்சிகள் போதும்: தகப்பன் பெயர், இருந்த ஊர் அல்லது வகித்த பதவி, இறந்த தேதி. ஒரு நோட்டிலோ அட்டவணைக் கோப்பிலோ ஆளுக்கு ஒரு வரி ஒதுக்குங்கள். முதல் கட்டத்தில் நீங்கள் முடிவு செய்யப்போகும் தமிழ் வடிவம். அதைக் காலியாக விட்டுவிடலாம். அடுத்த கட்டத்தில் மூலத்தில் கண்ட எல்லா வடிவங்களும், பக்க எண்ணோடு, மூலத்தில் உள்ள எழுத்திலேயே. அப்புறம் அந்த மூன்று சாட்சிகள்.

இவற்றில் இறந்த தேதிதான் அதிகம் உதவும். சப்தர் அலி 1742 அக்டோபரில் கொல்லப்பட்டார். அதற்குப் பிந்திய ஒரு கடிதத்தில் ‘சப்டர்’ போல ஏதோ ஒரு பெயர் உயிரோடு நடமாடினால், அது வேறு ஆள், அல்லது தேதி தவறு. இரண்டில் ஒன்றை நீங்கள் கண்டுபிடித்தே தீரவேண்டும்.

பெயரே இல்லாமல் ‘நவாப்’ என்று மட்டும் வரும் இடங்களுக்கும் இந்தத் தேதிகள்தான் சாவி. 1740 மே மாதம் தாமல்செருவுக் கணவாயில் மராட்டியரோடு நடந்த சண்டையில் தோஸ்த் அலி இறக்கும்வரை நவாப் என்றால் அவர். அப்புறம் 1742 அக்டோபர் வரை அவர் மகன் சப்தர் அலி. அவருக்குப் பிறகு சிறுவனான அவருடைய மகன் முகமது சையத். அவனும் 1744இல் கொல்லப்பட்டான். அப்புறம் அன்வருதீன் கான், 1749இல் ஆம்பூர்ச் சண்டையில் சாகும்வரை. அதற்குப் பிறகு ஆங்கிலேயரின் கடிதத்தில் நவாப் என்றால் முகமது அலி, பிரெஞ்சுக்காரரின் கடிதத்தில் நவாப் என்றால் சந்தா சாகிப். எழுதியவர் யார் என்று பார்க்காமல் ஆளை முடிவு செய்யவே முடியாத காலம் அது. ‘முகமது’ என்ற பாதிப் பெயரை நம்பி முகமது சையதையும் முகமது அலியையும் குழப்பிவிடாதீர்கள். ஒருவர் பழைய நவாப் வம்சம், மற்றவர் அன்வருதீனின் மகன்.

தேதியில் இன்னொரு சங்கதி. ஆங்கிலேயர்கள் 1752 வரை பழைய நாள்காட்டியைப் பின்பற்றினார்கள், பிரெஞ்சுக்காரர்கள் புதியதை. இடைவெளி 11 நாள். ஆம்பூர்ச் சண்டை ஆங்கில மூலத்தில் ஜூலை 23 என்றும் பிரெஞ்சு மூலத்தில் ஆகஸ்ட் 3 என்றும் இருக்கும். இரண்டு சண்டை என்று நினைத்து, அதில் இரண்டு பேர் செத்தார்கள் என்று கணக்கிட்டுவிட வேண்டாம்.

சரி, இனி உறவுமுறைக்கு வருவோம். உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு உண்மையில் கவலை தந்தது இதுதான். பெயரை நாலு விதமாக எழுதினால் வாசகர் தடுமாறுவார், அவ்வளவுதான். உறவைத் தவறாக எழுதினால் கதையே மாறிவிடும். தமிழில் ஓர் உறவுச் சொல்லை எழுத வேண்டுமானால், அப்பா வழியா அம்மா வழியா, மூத்தவரா இளையவரா, பிறப்பாலா கல்யாணத்தாலா என்று நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலச் சொல் இதில் பாதியைச் சொல்வதில்லை. சொல்லாததை நாம் ஊகித்து எழுதினால், மூலத்தில் இல்லாத ஒரு செய்தியைச் சேர்த்தவர்கள் ஆகிறோம்.

அதனால் ஆங்கிலச் சொல்லைப் பார்த்து மொழிபெயர்க்காதீர்கள். குடும்ப மரத்தை வரைந்துவிட்டு, மரத்தைப் பார்த்து எழுதுங்கள். ஆர்க்காட்டு நவாப் குடும்பத்துக்கு ஓர்மே நல்ல விவரம் தருகிறார். சாதத்துல்லா கானுக்குப் பிள்ளை இல்லை. தன் சகோதரரின் மகன்கள் இருவரைச் சுவீகாரம் எடுத்தார். மூத்தவர் தோஸ்த் அலி, அடுத்த நவாப். இளையவர் பாக்கிர் அலிக்கு வேலூர். தோஸ்த் அலியின் மகன் சப்தர் அலி. தோஸ்த் அலியின் மகள்களில் ஒருத்தியைப் பாக்கிர் அலியின் மகன் முர்தசா அலிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். இன்னொருத்தியைத் தூரத்து உறவினரான சந்தா சாகிப்புக்கு.

இதை ஒரு தாளில் கோடு போட்டு வரைந்து மேசையில் ஒட்டிவையுங்கள். இப்போது உங்களுடைய ‘பிரதர் இன் லா’க்களை ஒவ்வொன்றாகத் தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

சப்தர் அலியும் சந்தா சாகிப்பும்: ஒருவர் மற்றவருக்குச் சகோதரியின் கணவர், மற்றவர் இவருக்கு மனைவியின் சகோதரர். இரண்டு திசைக்கும் ‘மைத்துனர்’ பொருந்தும். அந்தச் சகோதரி சப்தர் அலிக்கு அக்காவா தங்கையா என்று மூலம் சொல்லவில்லையென்றால் ‘அக்காள் கணவர்’ என்று எழுத நமக்கு உரிமையில்லை. ‘மைத்துனர்’ அந்தச் சிக்கலிலிருந்தும் காப்பாற்றுகிறது. ‘மச்சான்’ வேண்டாம். அது நேரில் கூப்பிடும் சொல், அதில் ஒரு நெருக்கமும் கேலியும் இருக்கிறது. நவாப் வீட்டு அரசியலுக்கு அந்த நெருக்கத்தை நீங்கள் கடன் கொடுக்க வேண்டாம்.

சந்தா சாகிப்பும் முர்தசா அலியும்: இவர்களும் ஆங்கிலத்தில் அதே ‘பிரதர் இன் லா’தான். ஆனால் அக்காள் தங்கையைக் கட்டியவர்கள். நம் சொல் ‘சகலை’. தமிழில் இதற்கென்று தனிச்சொல் இருக்கும்போது ‘மைத்துனர்’ என்று எழுதினால் அது பிழை. தயங்காமல் ‘சகலை’ என்றே எழுதுங்கள். வரலாற்று நடைக்கு அது தாழ்ந்த சொல் இல்லை.

சப்தர் அலியும் முர்தசா அலியும்: இங்கேதான் ஆபத்து. சப்தர் அலி வேலூர்க் கோட்டையில் தங்கியிருந்தபோது கொலையுண்டார். கொலைக்கு ஏற்பாடு செய்தவர் முர்தசா அலி. ஆங்கில நூல்கள் ‘மைத்துனரால் கொல்லப்பட்டார்’ என்ற பொருளில் பெயர் சொல்லாமலே எழுதிவிட்டுப் போவதுண்டு. உங்கள் மொழிபெயர்ப்பில் அதுவரை ‘மைத்துனர்’ என்று வந்ததெல்லாம் சந்தா சாகிப்பாக இருந்தால், தமிழ் வாசகர் கொலைப்பழியைச் சந்தா சாகிப் தலையில் வைத்துவிடுவார். அவரோ 1741இல் திருச்சிராப்பள்ளி விழுந்ததிலிருந்து மராட்டியர் பிடியில் இருந்தார். அங்கே பெயரைக் கட்டாயம் சேருங்கள்: ‘இன்னொரு மைத்துனரான முர்தசா அலி’.

இந்த ஜோடியில் இன்னொரு முடிச்சும் உண்டு. முர்தசா அலி சப்தர் அலிக்குச் சித்தப்பா மகன். அதே சமயம் சகோதரியின் கணவர். தமிழ் வழக்கில் சித்தப்பா மகன் என்றால் பங்காளி. அண்ணன் தம்பி முறை. அவன் வீட்டுக்குப் பெண் கொடுப்பது நினைக்கவே முடியாத காரியம். இஸ்லாமியச் சட்டத்தில் அந்த மணத்துக்குத் தடை இல்லை, நவாப் வீட்டில் அது நடந்திருக்கிறது. இதைப் படிக்கும் தமிழ் மெய்ப்பாளர், ‘சித்தப்பா மகனுக்கு எப்படிப் பெண் கொடுப்பார்கள், இது அத்தை மகனாகத்தான் இருக்கும்’ என்று நல்லெண்ணத்தோடு திருத்திவிடுவார். நானே ஒருமுறை பென்சிலை எடுத்துவிட்டு, மரத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்திருக்கிறேன். உங்கள் பெயர்ப் பட்டியலில் அந்த வரிக்கு எதிரே ‘சரிபார்த்தது, மாற்ற வேண்டாம்’ என்று எழுதிவையுங்கள். மொழிபெயர்ப்பிலும் ‘அண்ணன்’, ‘தம்பி’ என்ற சொற்களை இவர்களுக்கிடையே பயன்படுத்தாமல், ‘சித்தப்பா மகனும் மைத்துனருமான முர்தசா அலி’ என்று விரித்தே எழுதுங்கள். கொஞ்சம் நீளம்தான். ஆனால் இரண்டு உறவும் மூலத்தில் இருப்பவை.

அடுத்து ‘நெஃப்யூ’. இதற்குத் தமிழில் குறைந்தது இரண்டு ஆள். சகோதரர் மகன் நமக்கு மகன் முறை. சகோதரி மகன் மருமகன். சாதத்துல்லா கானுக்குத் தோஸ்த் அலி சகோதரரின் மகன், ஆகவே மருமகன் என்று எழுதினால் தவறு. ஐதராபாத் நிஜாம் வீட்டில் கதை வேறு. நாசிர் ஜங் நிஜாமின் மகன். முசாபர் ஜங் நிஜாமின் மகள் வயிற்றுப் பேரன். ஆகவே நாசிர் ஜங் முசாபர் ஜங்குக்குத் தாய்மாமன். 1748இல் நிஜாம் இறந்த பிறகு நடந்த சண்டை தாய்மாமனுக்கும் சகோதரி மகனுக்கும் நடந்த சண்டை. ‘சித்தப்பாவும் மகனும்’ என்று ஒரு நூலில் படித்திருக்கிறேன். ‘அங்கிள்’ என்ற ஒரு சொல் செய்த வேலை அது. நம் ஊரில் தாய்மாமன் உறவுக்கு என்ன எடை என்று உங்களுக்குத் தெரியும். அந்தச் சொல்லைச் சரியாகப் போட்டாலே வாசகருக்கு நிறைய விளங்கிவிடும்.

நாசிர் ஜங் 1750 டிசம்பரில் செஞ்சிக்கு அருகே கொல்லப்பட்ட பிறகும் ‘மாமன்’ தீர்ந்துவிடுவதில்லை. அவருடைய தம்பி சலாபத் ஜங்கும் முசாபர் ஜங்குக்குத் தாய்மாமன்தான். 1751 பிப்ரவரியில் முசாபர் ஜங் இறந்ததும் பட்டத்துக்கு வந்தவர் அவர். அந்தப் பக்கங்களில் ‘மாமன்’ என்று மட்டும் எழுதினால், செத்துப்போன நாசிர் ஜங் திரும்பி வந்துவிட்டதாகத் தோன்றும்.

‘மருமகன்’ என்ற சொல்லிலேயே நமக்கு ஒரு தொல்லை உண்டு. மகளைக் கட்டியவரும் மருமகன், சகோதரி மகனும் மருமகன். தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலும் இரண்டும் ஒரே ஆளாக இருந்ததால் ஒரு சொல் போதுமாக இருந்தது. உங்கள் நூலில் சந்தா சாகிப் தோஸ்த் அலியின் மருமகன், முசாபர் ஜங் நாசிர் ஜங்கின் மருமகன்; பொருள் வேறு வேறு. ஆகவே நூல் முழுவதற்கும் ஒரு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ‘மருமகன்’ மகளின் கணவருக்கு மட்டும். மற்றவருக்குச் ‘சகோதரி மகன்’. ‘மருமான்’ என்ற பழைய சொல் எனக்கு மிகவும் பிடிக்கும், சில வீடுகளில் இன்றும் பேச்சில் இருக்கிறது. ஆனால் எல்லா வட்டாரத்திலும் புரியும் என்று சொல்ல முடியாது.

மூத்தவர் இளையவர் தெரியாத இடத்தில் ‘சகோதரர்’ என்ற சொல் நமக்குக் கிடைத்த நல்ல வழி. சாதத்துல்லா கானின் சகோதரர் அவருக்கு அண்ணனா தம்பியா என்று உங்கள் மூலம் சொல்லாதவரை அவர் ‘சகோதரர்’தான். ஆனால் தெரிந்த இடத்திலும் ‘சகோதரர்’ என்றே எழுதிக்கொண்டு போனால் நடை வறண்டுவிடும். பாக்கிர் அலி தோஸ்த் அலிக்குத் தம்பி என்று தெரியும், தம்பி என்றே எழுதுங்கள். மாபூஸ் கான் முகமது அலிக்கு அண்ணன், அப்படியே எழுதுங்கள். கடிதங்களுக்குள் ஒருவரை ஒருவர் ‘என் சகோதரரே’ என்று விளிப்பதை மட்டும் மரத்தில் ஏற்றாதீர்கள். அரசர்களும் தளபதிகளும் மரியாதைக்கு அப்படி எழுதிக்கொள்வது அந்தக் கால வழக்கம். அங்கே ‘அண்ணா’, ‘தம்பி’ என்று இறங்காமல் ‘சகோதரரே’ என்றே விட்டுவிடுவது நல்லது.

ஆட்களும் உறவுகளும் முடிவான பிறகு, காலியாக விட்ட அந்த முதல் கட்டத்துக்கு வாருங்கள். தமிழ் வாசகருக்கு ஏற்கெனவே பழகிய வடிவம் இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘சந்தா சாகிப்’ பள்ளிப் பாடத்திலிருந்து எல்லாருக்கும் தெரிந்தவர். அவரை ‘சாந்தா ஸாஹிப்’ ஆக்குவதால் யாருக்கும் பயனில்லை. பழகாத பெயர்களுக்கு ஆங்கில எழுத்தை விட்டுவிட்டு, அந்தப் பெயரின் பாரசீக, அரபு வடிவத்தைப் பாருங்கள். ‘மோர்ட்டிஸ்’ என்பது ‘முர்தசா’ என்று உருது தெரிந்த எவரும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார். அப்புறம் எழுத்துக் கொள்கை ஒன்று வேண்டும். நான் ஆய்த எழுத்தை விட்டுவிட்டு ‘சப்தர்’, ‘முசாபர்’, ‘மாபூஸ்’ என்று எழுதுவேன். ‘ஸ்’ ஒற்றாக வரும்போது வைத்துக்கொள்வேன், மற்ற இடங்களில் ‘ச’. நீங்கள் ‘சஃப்தர்’ என்றே எழுதலாம், அதில் குற்றமில்லை. ஆனால் அப்படியானால் ‘முசாபர்’, ‘மாபூஸ்’ இரண்டுக்கும் ஆய்தம் போட வேண்டும். ஒரு பெயருக்கு ஒரு நீதி கூடாது. ‘அலி கான்’ என்பதைச் சேர்த்தா பிரித்தா, ‘சாகிபுக்கு’ என்றா ‘சாகிப்புக்கு’ என்றா என்பதையும் இப்போதே எழுதிவைத்துவிடுங்கள்.

இப்போது தேடல் பெட்டியைத் திறக்கலாம். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டிக்கொள்வதால், முழுப் பெயரைத் தேடினால் பாதிதான் சிக்கும். ‘சாகிப்’ என்று தேடினால் ‘சாகிபை’, ‘சாகிபின்’ தப்பிவிடும். கடைசிப் புள்ளியை நீக்கி ‘சாகிப’ என்று தேடுங்கள். பெரும்பாலான மென்பொருள்களில் எல்லா வடிவங்களும் வரும்; உங்களுடையதில் வருகிறதா என்று ஒரு பக்கத்தில் சோதித்துப் பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ‘சாஹிப’, ‘சாயப’ என்று தனித்தனியாக. எல்லாவற்றையும் ஒரே சொடுக்கில் மாற்றாமல் ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள். உங்கள் கதையில் சாகிப்கள் பலர்.

ஒரு விசித்திரமான கோளாறும் உண்டு. ‘தோஸ்த்’ என்பதில் உள்ள ‘தோ’வைக் கணினியில் இரண்டு விதமாகத் தட்டலாம். ‘ோ’ என்ற குறி ஒரே எழுத்துருக் குறியாக (U+0BCB) இருக்கலாம். அல்லது இரட்டைக் கொம்பும் காலும் தனித்தனியாக (U+0BC7, U+0BBE) இருக்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தேடும்போது ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்பிலும், இரண்டு பேர் வேறு வேறு விசைப்பலகையில் தட்டிய கோப்பிலும் இது நடக்கும். ‘தோஸ்த் அலி’ நீங்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவான இடங்களில் கிடைத்தால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். ‘ஸ்த் அலி’ என்று தேடிப் பாருங்கள். எண்ணிக்கை கூடினால் இதுதான் காரணம்.

மேற்கோள்களுக்குள் என்ன செய்வது என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். ஓர்மின் பத்தியைத் தமிழாக்கும்போது பெயரையும் உங்கள் வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள். ‘சப்டர் ஆலி’ என்று தமிழில் எழுதிக் காட்டுவதால் ஓர்மின் மணம் வராது, அவர் எழுதியது ஆங்கிலம். மூல வடிவங்களை நூலின் கடைசியில் உள்ள பெயர்ப் பட்டியலில் கொடுத்துவிட்டால், மூலத்தோடு ஒப்பிட விரும்புகிறவருக்கு வழி கிடைத்துவிடும்.

ஆனால் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு மேற்கோளாக வந்தால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். அவர் 1736இலிருந்து தமிழில் எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை 12 தொகுதிகளாகச் சென்னையில் வெளிவந்தது. உங்கள் நூலாசிரியர் அந்த ஆங்கிலத்தைத்தான் எடுத்திருப்பார். அதை நீங்கள் திரும்பத் தமிழாக்கினால், பிள்ளை தமிழில் எழுதிய உறவுச் சொல் ஆங்கிலத்தில் கரைந்து, நம் ஊகமாகத் தமிழுக்குத் திரும்பி வரும். தமிழ் மூலம் அச்சில் இருக்கிறது. தேதியை வைத்து அந்த நாளின் பதிவைத் தேடியெடுத்து, அவர் எழுதியபடியே போடுங்கள். அவருடைய பெயர் வடிவங்கள் உங்களுடையதிலிருந்து மாறுபட்டால் மாற்றாமல், முதல் தடவை மட்டும் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் உங்கள் வடிவத்தைக் கொடுங்கள்.

பிள்ளையின் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு முன்னால் புதுச்சேரியில் துபாஷாக இருந்த நைனியப்ப பிள்ளையை, பிள்ளையின் தகப்பனார் திருவேங்கடம் பிள்ளைக்குப் ‘பிரதர் இன் லா’ என்று ஆங்கில நூல்கள் சொல்கின்றன. சகோதரி கணவரோ மனைவியின் சகோதரரோ, எப்படியானாலும் ஆனந்தரங்கருக்கு அவர் மாமா முறை. தமிழ் அங்கே நமக்கு உதவுகிறது. ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்குள் சகலையும் அடங்கும். சகலையாக இருந்தால் பெரியப்பாவோ சித்தப்பாவோ ஆகிவிடுவார். அவர் மகன் குருவப்பாவும் மைத்துனன் முறையிலிருந்து அண்ணன் தம்பி முறைக்கு மாறிவிடுவார். ஆங்கில நூலின் ஒரு சொல்லை மட்டும் வைத்துக்கொண்டு ‘மாமா’ என்று எழுதிவிடாமல், திருமண உறவைத் தனியாகச் சரிபார்த்துவிட்டு எழுத வேண்டிய இடம் அது. அதுவரை ‘உறவினர்’ போதும்.

முடித்த நூறு பக்கத்தைத் திருத்த ஒரு வாரம் ஒதுக்குங்கள். முதல் இரண்டு நாள் கோப்பைத் திறக்கவே வேண்டாம், தாளும் பென்சிலும் மட்டும். மரத்தின் உச்சியில் சாதத்துல்லா கானை எழுதுங்கள். அவருக்குப் பிள்ளை இல்லை. ஆகவே முதல் கோடு கீழே போகாது, பக்கத்தில் இருக்கும் அந்தச் சகோதரருக்குப் போகும். அங்கிருந்து தோஸ்த் அலிக்கும் பாக்கிர் அலிக்கும் இறங்குங்கள்.